புரிந்ததா என்று கேட்கக் கூடாது

அனிமேஷன் குறும்படம் எடுக்கும் நண்பர் ஒருவர், அனிமேட்டிக்கைப் போட்டுக் காட்டும் நாளில் என்னையும் கூட உட்காரச் சொல்வார். ஸ்டோரிபோர்டு ஓவியங்களை அந்தந்த ஷாட்டின் நேரத்துக்கு நிறுத்தி, தற்காலிக ஒலியும் சேர்த்து ஓடவிட்டால் அதுதான் அனிமேட்டிக். கோட்டோவியங்கள் மாறிமாறி வரும், அவ்வளவுதான். ஆனால் கதை முழுவதும் அதற்குள் இருந்தாக வேண்டும்.

அவர் கதை இது. ஒரு பாட்டி தையற்கடைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். பார்வை மங்கிவிட்டதால், தினமும் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது பேரன்தான். பையன் ஊரைவிட்டுப் போகிறான். மறுநாள் பாட்டி ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொதியை எடுத்தால், எல்லா ஊசியிலும் நூல் கோத்து வைத்திருக்கிறான். வசனம் கிடையாது, ஐந்து நிமிடப் படம்.

கதை தெரியாத ஆறு பேர் வந்திருந்தார்கள். நண்பர், "இது ரஃப்தான், இந்தப் பாட்டிக்கு வந்து..." என்று ஆரம்பித்தார். சட்டென்று நிறுத்தச் சொன்னேன். படம் சொல்ல வேண்டியதை இயக்குநரே சொல்லிவிட்டால் பிறகு சோதிக்க என்ன இருக்கிறது? இடையில் நிறுத்தாமல் ஒரே ஒரு முறை ஓட்டினோம். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பார்த்த கதையை எழுதச் சொன்னோம். பேச்சு அதற்கப்புறம்தான். முதலில் வாய் திறப்பவர் கொஞ்சம் தைரியசாலியாக இருந்துவிட்டால், அவர் கதையே எல்லாருடைய கதையும் ஆகிவிடும். "புரிந்ததா?" என்ற கேள்விக்கோ நம் ஊரில் ஒரே பதில்தான்: "நல்லா இருக்குங்க."

தாள்களைப் படித்தபோது நண்பர் முகம் வாடியது. "கடைசியில் ஏன் அவ்வளவு ஊசி?" என்று நான்கு பேர் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருந்தார்கள். பையன் தையல் கற்றுக்கொள்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். கடைசி ஷாட்டை இன்னும் நான்கு நொடி நீட்டி, கேமராவை ஊசிகளுக்கு அருகில் கொண்டுபோகலாம் என்றார் நண்பர். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். குழப்பம் எங்கே வெளிப்பட்டதோ அங்கேயே கை வைப்பது.

ஆனால் ஊசிகளை எல்லாரும் பார்த்திருந்தார்கள், எழுதியும் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் போனது பாட்டியின் பார்வை. தாள்களில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பின்னோக்கிப் போனால், நாற்பதாவது நொடியில், தூரத்து ஷாட் ஒன்றில், பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். பார்வைக் குறையைச் சொல்லும் இடம் அது ஒன்றுதான். ஒருவர் அதை அலுப்பு என்று எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கோபம் என்று. பேரனிடம் ஊசி போகும்போது அது விளையாட்டாகத்தான் தெரிந்தது.

'ஃபைண்டிங் நீமோ' (2003) படத்துக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. அப்பா மீன் மார்லினின் மனைவியும் முட்டைகளும் பறிபோகும் சம்பவத்தை, முதலில் படம் நெடுகத் துண்டு துண்டான நினைவுகளாகத்தான் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் வைத்திருந்தார். காரணம் தெரியாததால், எதற்கெடுத்தாலும் பயப்படும் அந்த அப்பா எரிச்சலூட்டினார். சம்பவம் படத்தின் தொடக்கத்துக்கு வந்ததும் அதே அப்பா மேல் பரிவு வந்தது.

நண்பர் கடைசி ஷாட்டைத் தொடவில்லை. கண்ணாடி ஷாட்டுக்குப் பதிலாக ஒரு க்ளோஸ்-அப் வரைந்தார்: நூல் முனை ஊசிக் காதைத் தாண்டிப் போகிறது, பாட்டி நாக்கில் நனைத்து மறுபடி முயல்கிறாள், மறுபடியும் தப்புகிறது. மூன்று பேனல், ஒரு மாலை வேலை. ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும் ஒரு நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். அவர் நீட்ட நினைத்த நான்கு நொடிக்கு 48. அத்தனையும் வரைந்து முடித்த பிறகும் ஏன் அவ்வளவு ஊசி என்றுதான் கேட்டிருப்பார்கள்.

எல்லாக் குழப்பத்துக்கும் கதை மேல் பழி போட முடியாது. பாட்டியை அம்மா என்று நினைத்தவர் ஒருவர் உண்டு. வெறும் கோட்டில் நரை தெரியாது, அவ்வளவுதான். தலைமுடிக்குச் சாம்பல் நிறம் தீட்டியதோடு அது முடிந்தது. முகபாவத்தையே நம்பி நிற்கும் இடங்களில் அனிமேட்டிக் நல்ல நீதிபதி இல்லை. அசையாத ஓவியம் அங்கே படத்தைவிடக் குறைவாகவே சொல்லும். ஆனால் இன்னார் இன்னதை ஏன் செய்கிறார் என்பது இந்த நிலையில் விளங்கவில்லை என்றால், வண்ணமும் அசைவும் வந்து அதைச் சரிசெய்யும் என்று நான் நம்ப மாட்டேன்.

திருத்தியதை வேறு ஆட்களுக்குக் காட்டினோம். முதலில் பார்த்தவர்களுக்குத்தான் கதை தெரிந்துவிட்டதே. இந்த முறை எல்லாத் தாளிலும் பாட்டியின் கண் இருந்தது. பையன் போனது எங்கே என்பதில்தான் பிளவு. சிலர் ஹாஸ்டல் என்றார்கள், சிலர் அம்மா அப்பாவிடம் என்றார்கள். பெட்டியில் பள்ளியின் பெயர் எழுதிவிடவா என்று நண்பர் கேட்டார். எங்கே போனாலும் ஊசிகளுக்கு ஒரே அர்த்தம்தான், விட்டுவிடுங்கள் என்றேன். அவர் அரை மனதோடு விட்டுவிட்டார்.