அம்மாவின் கழுத்தும் அந்த 'எக்கோ' துண்டும்

பார்க் எக்ஸ்டென்ஷனில் வளர்ந்த எங்களில் பலருக்கு, அம்மா அப்பாவின் மருத்துவக் கடதாசிகளை வாசித்துச் சொல்வது பத்து வயதிலேயே கிடைத்த வேலை. இப்ப எங்களுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அந்த வேலை ஓய்ந்தபாடில்லை. போன வருடம் அம்மாவின் கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருக்கிறதைப் பார்த்த குடும்ப வைத்தியர் பிரெஞ்சில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அதில் இருந்த முதல் சொல் 'எக்கோகிராஃபி'. அம்மா பயந்து போனா. "எக்கோ எண்டால் இதயத்துக்கு எடுக்கிறதெல்லோ பிள்ளை? கழுத்தில வீக்கம் எண்டு போனால் ஏன் நெஞ்சைப் பாக்கினம்?"

பிரெஞ்சில் எக்கோகிராஃபி என்றால் அல்ட்ராசவுண்ட், அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எடுக்கிற அதே ஸ்கேனைக் கழுத்தில் வைத்து எடுப்பார்கள். கதிர்வீச்சு இல்லை, வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. கியூபெக்கில் 2016 கடைசியில் இருந்து, கதிரியக்க மருத்துவரின் தனியார் கிளினிக்கில் எடுத்தாலும் சுகாதாரக் கார்ட் போதும்.

ஸ்கேனுக்கு முதல், வீக்கத்தைப் பற்றி. இலங்கைப் பாடப்புத்தகங்களில் கண்டக்கழலை என்று படித்தது இதைத்தான்: தைரொயிட் சுரப்பி பெருத்துப் போவது. அந்தச் சுரப்பி குரல்வளைக்குக் கீழே, இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கிற குழிக்குச் சற்று மேலே, வண்ணத்துப்பூச்சி மாதிரிச் சிறகு விரித்து மூச்சுக்குழாயில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. ஒட்டியிருப்பதால்தான் விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து அதுவும் மேலே போய்க் கீழே வரும். வைத்தியர் அம்மாவைக் கொஞ்சம் தலையை நிமிர்த்தச் சொல்லி, ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்து, ஒவ்வொரு மடக்காகக் குடிக்கச் சொன்னதும் அதைப் பார்க்கத்தான். வலது பக்கம் ஒரு மேடு ஏறி இறங்கினது எனக்கும் தெரிந்தது.

வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். தாடைக்குக் கீழே பக்கவாட்டில் இருந்து, விழுங்கும்போது அசையாத கட்டி பெரும்பாலும் தைரொயிட் அல்ல. நிணநீர்க் கட்டியாகவோ உமிழ்நீர்ச் சுரப்பியாகவோ இருக்கலாம். அதையும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். உடம்பு வைத்தவர்களின் கழுத்து மடிப்பும் சில வேளை கழலை மாதிரித் தெரியும், ஆனால் அது விழுங்கும்போது ஏறி இறங்காது. வீக்கம் சில கிழமைக்குள் வேகமாகப் பெருத்தாலோ, குரல் கம்மிக்கொண்டே போனாலோ, படுக்கும்போது மூச்சு இழுத்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அப்பொயின்ட்மென்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஸ்கேனோடு சேர்த்து ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அதன் பெயர் டி.எஸ்.எச். பல லாப்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சாதாரண அளவு. அம்மாவுக்கு 1.8. அடுத்து எந்த ஸ்கேன் தேவை என்பதில் பாதியை இந்த இலக்கம் தீர்த்து விடும். அது குறைவாக இருந்திருந்தால், சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் அணு மருத்துவ ஸ்கேன், பிரெஞ்சில் சின்டிகிராஃபி, எடுப்பார்கள். மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தைக் கொடுத்து, சுரப்பியின் எந்தப் பகுதி அதை அதிகம் இழுக்கிறது என்று பார்ப்பது அது. கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கிற தாய்மாரும் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அம்மாவின் டி.எஸ்.எச். சரியாக இருந்தபடியால் அது தேவைப்படவே இல்லை.

இந்த நேரத்தில்தான் கொழும்பில் இருந்து சித்தப்பா போன் எடுத்தார். "அல்ட்ராசவுண்டில என்ன தெரியப் போகுது? காசு போனாலும் பரவாயில்லை, ஒரு சி.டி. எடுத்துப் பாருங்கோ." எங்கட ஆட்களுக்குப் பெரிய மெஷின் என்றால்தான் நம்பிக்கை. ஆனால் தைரொயிட் தோலுக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கிறது; அதற்குள் உள்ள சின்னக் கட்டியின் தன்மையை சி.டி.யை விட அல்ட்ராசவுண்ட் தெளிவாகக் காட்டும். சி.டி.க்கு வேலை வருவது, கழலை நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கும்போது, அல்லது மூச்சுக்குழாயை எவ்வளவு நெரிக்கிறது என்று அளக்கும்போது. ஒலி எலும்பைத் தாண்டிப் போகாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. சி.டி.க்கு ஏற்றும் சாய மருந்தில் அயடின் நிறைய உண்டு. கட்டிகள் உள்ள தைரொயிட்டை அது சில வேளை மிகையாக வேலை செய்ய வைத்து விடும். அதற்குப் பிறகு பல கிழமைக்கு அணு மருத்துவ ஸ்கேனும் சரியாக வராது.

அம்மாவைத் தோளுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்க வைத்து, கழுத்தில் ஜெல் பூசி, இருபது நிமிடத்தில் ஸ்கேனை முடித்தார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு கட்டிகள். வலது பக்கம் 3.1 செ.மீ., இடது பக்கம் 1.6 செ.மீ. கண்ணுக்குத் தெரிந்த வீக்கம் வலது பக்கத்தது. இடது பக்கத்தில் ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

ஆனால் ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னது சின்னதைத்தான். ரிப்போர்ட்டை வாசித்து இரண்டு தரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு வைத்தியர் விளக்கினார். கட்டிக்குப் புள்ளி போடுகிற முறை ஒன்று இருக்கிறது, பெயர் டை-ராட்ஸ், அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்டது. உள்ளே திரவமா திடமா, எவ்வளவு கருமையாகத் தெரிகிறது, அகலத்தை விட உயரம் கூடவா, விளிம்பு எப்படி, சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்று ஐந்து விஷயத்தைப் பார்க்கிறார்கள். அம்மாவின் பெரிய கட்டி பஞ்சு மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள் நிறைந்தது. அதற்குப் பூச்சியம் புள்ளி. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக அதில் ஊசி போடச் சொல்வதில்லை. சின்னது திடமானது, அதற்கு 2. சுற்றியுள்ள சுரப்பியை விடக் கருமையாகத் தெரிந்தது, அதற்கு இன்னும் 2. மற்ற மூன்றிலும் பூச்சியம். மொத்தம் 4 புள்ளி என்றால் நான்காம் தரம். அந்தத் தரத்தில் 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி. 1.4 ஆக இருந்திருந்தால் கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஊசி இரத்தம் எடுக்கிற ஊசியை விட மெல்லியது. ஸ்கிரீனில் கட்டியைப் பார்த்துக்கொண்டே குத்தி, கொஞ்சம் செல்களை எடுப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிவை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகை என்றால் செல் போதவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இரண்டாவது சாதாரணக் கட்டி. ஆறாவது புற்றுநோய். நடுவில் உள்ள வகைகளில் உறுதியாகச் சொல்ல முடியாது, மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு வந்தது இரண்டு. அதற்காகக் காத்திருந்த மூன்று கிழமையும் அவ தாலிக்கொடி போடவில்லை, கழுத்தை ஷாலால் மூடிக்கொண்டே இருந்தா. இப்பவும் வலது பக்க மேடு அப்படியே இருக்கிறது. அதற்கு மருந்தும் இல்லை, வெட்டவும் இல்லை. அடுத்த ஸ்கேனில் இடது பக்கத்து 1.6 எவ்வளவாக இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் பழைய ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். வேறு கிளினிக்கில் எடுத்தால் அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த இலக்கம் வேண்டும்.