ஒன்றரை வட்டியும் பத்து வட்டியும்

பி.காம். படித்தவன் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டால் தொல்லைதான். வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பில்லை மட்டும் நீட்டுவார்கள்.

போன மாசம் நீட்டியவர், எங்கள் தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா. கையில் இரண்டு பில். கரண்ட் பில் 2,400 ரூபாய், கெடு முடிந்து நாலு நாள். இன்னொன்று வீட்டு இன்டர்நெட் இணைப்பு. அது 2,709 ரூபாய் 28 பைசா, நாலு மாசப் பாக்கி. கையில் இருப்பதோ 2,600.

"கரண்ட் பில்லுதான் தம்பி பயமா இருக்கு. பெரிய தொகை. வட்டி மேல வட்டி போட்டுடுவாங்கல்ல? நெட்டு வெறும் 499 ரூபா பிளான்தானே, மெதுவா கட்டிக்கலாம்!"

நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

கரண்ட் பில்லுக்குத் தாமதக் கட்டணம் மாசம் ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400-க்கு மாசம் 36 ரூபாய். மூன்று மாசம் போனால் 108. சரி, அக்கா பயந்த மாதிரியே வட்டிக்கு வட்டி போட்டாலும் 109 ரூபாய் 63 பைசாதான். அந்தப் 'பயங்கரமான' கூட்டு வட்டியின் மொத்த வித்தியாசம் ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. ஒரு டீக்குக் காணாது!

கரண்ட் பில்லில் பயப்பட வேண்டியது வட்டிக்கல்ல, ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார்களே, அதற்குத்தான். 2003-ம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி, முழுசாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்துவிட்டால் மறு இணைப்புக் கட்டணம் தனி. அது நூறு ரூபாய் என்றால்கூட, மூன்று மாச வட்டியை ஒரே நாளில் கட்டின மாதிரி. அதோடு அக்காவின் மெஷின் மோட்டார் நிற்கும். தீபாவளி பிளவுஸ் எல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

இப்போது அந்தச் 'சின்ன' பில்லுக்கு வருவோம். வாடகை 499, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் மாசம் 588.82. ஜனவரி பில்லைக் கட்டவில்லை. பிப்ரவரி பில்லில் தாமதக் கட்டணம் என்று நூறு ரூபாய் ஏறிவிட்டது. அந்த நூறுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆக 118. மார்ச்சில் ஒரு 118, ஏப்ரலில் ஒரு 118. மூன்றுக்கும் சேர்த்து 354 ரூபாய்.

"அவ்வளவுதானே?" என்றார் அக்கா.

அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு தொகைக்கு? முதல் மாசம் பாக்கி நின்றது 588.82, அடுத்த மாசம் 1,177.64, அதற்கடுத்து 1,766.46. மூன்றையும் கூட்டினால், ஏறக்குறைய 3,533 ரூபாயை ஒரே ஒரு மாசம் பாக்கி வைத்ததற்குச் சமம். அதற்கு 354 ரூபாய் என்றால் நூற்றுக்கு மாசம் பத்து!

"பத்து வட்டியா?" அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கள் தெரு முனையில் கந்து வட்டிக்காரர் இருக்கிறார். அவர்கூடப் பத்து என்றால் கொஞ்சம் யோசிப்பார்.

சதவீதத்தில் போடும் கட்டணம் பாக்கிக்குத் தகுந்தபடி ஏறும், இறங்கும். நூறு ரூபாய் என்று நிலையாகப் போடுவது 588 ரூபாய் பாக்கிக்கும் நூறுதான், ஆறாயிரம் பாக்கிக்கும் நூறுதான். சின்ன பில்காரர் தலையில்தான் அது கனமாக விழுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. "நெட் எப்போ நின்னுச்சு?" என்றேன். "பிப்ரவரி கடைசியிலயே கட் பண்ணிட்டாங்களே!" பில்லைப் பார்த்தால், மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் முழு வாடகை. ஓடாத இணைப்புக்கு 1,177.64! தாமதக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். பாக்கி ஏறிய பில்லில் எல்லோரும் 'லேட் ஃபீ' வரியைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். சேவை நின்ற தேதியையும் வாடகை போட்ட தேதியையும் ஒப்பிடுகிறவர் குறைவு.

அன்றைக்கே கரண்ட் பில்லைக் கட்டச் சொன்னேன். கம்பெனிக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினோம். எண் இல்லாத புகார் காற்றோடு போச்சு; எண் இருந்தால்தான் அவர்கள் பதிலில் திருப்தி இல்லாதபோது மேல்முறையீடு செய்யலாம். ஒன்பதாம் நாள் இரண்டு மாச வாடகையைக் கழித்து 1,531.64 என்று புது பில் அனுப்பினார்கள். அதில் 354 அப்படியே உட்கார்ந்திருந்தது.

"கட் பண்ணி வச்ச மாசத்துக்கு வாடகையே இல்லன்னா, அந்தப் பாக்கிக்கு லேட் ஃபீ மட்டும் எப்படி தம்பி?" என்றார் அக்கா.

பி.காம். படிக்காதவர் கேட்ட கேள்வி. கணக்குப்படி பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி வாடகை அப்போதும் நிலுவைதான், அதனால் கம்பெனிக்கு ஒரு சாக்கு இருக்கிறது. இருந்தாலும் பழைய புகார் எண்ணைப் போட்டு, இரண்டாவது கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.