காசும் காதும்

அது புஸ்ஸாகிப் போன அணுகுண்டு என்றுதான் நினைத்தேன். திரி எரிந்து அடங்கி இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். அக்கா மகள், "மாமா, அது வெடிக்கலை"ன்னு கத்தினாள். ஓரமாத் தூக்கிப் போடலாம்னு குனிந்தேன். கை நீளும் முன்னாடியே வெடித்தது. என் இடது காதுக்கும் அதற்கும் நடுவே அரை மீட்டர்தான் இருந்திருக்கும்.

சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. ஒரு வெளிச்சம், அப்புறம் தெரு முழுக்கக் கம்பளி போர்த்திய மாதிரி ஒரு மந்தம். அதன் நடுவே 'கீ...' என்று ஒற்றைக் கம்பி இழுக்கும் ஒலி. காதில் தண்ணீர் புகுந்தது போல அடைப்பு. வலி இல்லை, ரத்தம் இல்லை. அந்த இரண்டும் இல்லாததுதான் என்னை ஏமாற்றியது.

அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்துவிட்டாள். வேண்டாம்னு சொன்னேன். விவரம் தெரிந்து சொல்லவில்லை, சூட்டுக்குப் பயந்து சொன்னேன். அது நல்லதாப் போச்சு. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய், சொட்டு மருந்து, குளிக்கிற தண்ணீர் எல்லாமே நடுக்காதுக்குள் இறங்கிக் கிருமியைச் சேர்த்துவிடும்.

"காலைல சரியாப் போயிடும்டா" என்றாள் அக்கா. சில பேருக்குச் சரியாகத்தான் போகிறது. பெரிய இரைச்சலுக்குப் பிறகு வரும் மந்தம் ஓரிரு நாளில் விலகுவது உண்டு. நானும் அப்படித்தான் காத்திருந்தேன். பண்டிகை, ஊரிலிருந்து திரும்பும் பஸ், திங்கட்கிழமை ஆபீஸ் என்று மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் அக்கா மகள் போனில், "மாமா, காசு அனுப்பு" என்றாள். இடது காதில் எனக்கு "காது" என்றுதான் விழுந்தது. கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். போனை வலது காதுக்கு மாற்றியதும் 'சு' தெளிவாகக் கேட்டது. அன்று சாயங்காலமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன்.

விளக்கு வைத்து உள்ளே பார்த்தார். பறை கிழியவில்லை. எனக்கு நிம்மதி, அவருக்கு இல்லை. ஓர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது?" என்றார். வலது பக்கம். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

இதை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகியும் ஓரளவுக்குப் பார்க்கலாம். அடிபட்ட காதிலேயே முனகல் பெரிதாகக் கேட்டால் பழுது பெரும்பாலும் பறையிலோ நடுக்காதிலோ இருக்கும். சின்னக் கிழிசல் பல நேரம் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். நல்ல காதுப் பக்கம் முனகல் ஒதுங்கினால் உள்காதின் மயிரணுக்கள் அடிவாங்கியிருக்கலாம். செத்த மயிரணு திரும்ப முளைப்பதில்லை. ரத்தம் வராத காதுதான் எனக்கு மோசமான காது. ஆனால் இது வெறும் குறிப்புதான். முனகிப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட முடியாது.

கண்ணாடி அறையில் கேட்புத்திறன் வரைபடம் எடுத்தார்கள். 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காக வந்து, 4000-இல் 55 டெசிபலுக்குக் குழிபோல இறங்கி, 8000-இல் பாதி ஏறியது. வெடிச்சத்தம் விட்டுப்போகும் வழக்கமான கையெழுத்து அது. 'ச', 'ஸ' மாதிரி ஒலிகளின் கூர்மை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. காசு காதானது அதனால்தான்.

எஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் உச்ச ஒலி 145 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். நான்கு, இரண்டு, ஒன்று, அரை: மூன்று பாதி. விதிக்கு அடங்கிய வெடியே என் காதருகே 163-ஐத் தொட்டிருக்கலாம். பெருஞ்சத்தத்துக்குக் காதுக்குள் ஒரு குட்டித் தசை இறுகிக் காப்பாற்றப் பார்க்கும். அது இறுகி முடிப்பதற்குள் வெடி முடிந்துவிடுகிறது.

டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார், சர்க்கரை அளவைப் பார்த்த பிறகு. "கட்டாயம் பலிக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல் ரெண்டு நாள்ல வந்திருந்தா வாய்ப்பு கூட இருந்திருக்கும்" என்றார். ஹெட்போன் கூடாது, இரைச்சலான இடம் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக்கூடாது. ரத்தமோ நீரோ வடிந்தாலும், தலை சுற்றினாலும், ஒரு காது சுத்தமாகக் கேட்காமல் போனாலும் மறுநாள்வரைகூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும் என்றார். பண்டிகை நாளிலும் அது திறந்திருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதத்தில் 55 என்பது 35 ஆனது. அதற்கப்புறம் நகரவில்லை. 'கீ' இன்னமும் இருக்கிறது. பகலில் மறந்துவிடும், ஃபேனை நிறுத்தினால் வந்துவிடும்.

இந்தத் தீபாவளிக்கு அக்கா மகள் ஒரு லட்சுமி வெடிக்குப் பிறகு காதைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா". முனகச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேக்குது" என்றாள். இரண்டு காதும் சேர்ந்து அடிவாங்கியிருந்தாலும் அப்படித்தான் கேட்கும். மறுநாள் காலை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அக்காவுக்கு என்மேல் கோபம், பலகாரம் ஆறிப்போச்சு என்று.