412-ம் பில்

2025 நவம்பர் 11, செவ்வாய்

நேற்று அனுப்பிய பில்களை இன்று காலை பி.ஓ.வோடு வைத்துப் பார்த்தபோது ஒரகடம் வாடிக்கையாளரின் 412-ம் பில்லில் 86,400 ரூபாய் கூடுதலாக நின்றது. ஒன்பதால் வகுத்தேன், மீதியில்லாமல் 9,600 வந்தது. வித்தியாசம் ஒன்பதால் சரியாக வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பழைய பாடம். அதுவே தவறைக் காட்டிக்கொடுத்துவிடாது; எங்கே தேடுவது என்று சொல்லும். விலைப் பத்தியில்தான் இருந்தது. 68.50 என்று அடிக்க வேண்டியது 86.50 ஆகியிருந்தது. சரக்கு 4,800 பிராக்கெட். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து, 3,87,984 ரூபாய்க்குப் போக வேண்டிய பில் 4,89,936-க்குப் போய்விட்டது.

பில் போட்ட தம்பி வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. முகம் வெளுத்துப்போய், "அக்கா, மெயிலைத் திரும்ப எடுத்துடலாமா?" என்று கேட்டான். வெளி நிறுவனத்துக்குப் போன மெயிலைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஜிமெயிலில் அனுப்பிய பிறகு நிறுத்திவைக்க அதிகபட்சம் 30 விநாடிதான் கிடைக்கும். அவுட்லுக்கின் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் பெட்டிகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும். இது ராத்திரியே போய்விட்டது.

உடனே "சரியான பில் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதி, 412 என்ற அதே எண்ணில் புதிய பி.டி.எஃப். அனுப்பக் கிளம்பினான். நிறுத்தினேன். எங்களைப் போல ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் போடும் பில் எங்கள் கணினியில் மட்டும் இருப்பதில்லை. அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் ஏறி, ஐ.ஆர்.என். என்ற தனி எண் வாங்கி, கியூ.ஆர். குறியோடுதான் திரும்பி வருகிறது. பி.டி.எஃப்.பில் விலையை மாற்றலாம், கியூ.ஆர். குறிக்குள் இருக்கும் 4,89,936-ஐ மாற்ற முடியாது. வாடிக்கையாளர் அதை ஸ்கேன் செய்தால் தாளில் ஒரு தொகையும் குறியில் இன்னொரு தொகையும் நிற்கும். முதல் தவறைவிட அது மோசம்.

மாலை

ஐ.ஆர்.என்.னை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்பது தம்பிக்குத் தெரிந்திருந்தது. நேரமும் இருந்தது. ஆனால் அந்தப் பில்லோடு கட்டிய இ-வே பில் நடப்பில் இருந்தால் தளம் ரத்தை ஏற்காது. முதலில் இ-வே பில்லை ரத்து செய்யலாமே என்று கேட்டான். சரக்கு நகரவே இல்லை என்றால் செய்யலாம். எங்கள் வண்டி நேற்று இரவே மறைமலைநகரை விட்டுக் கிளம்பி, விடியற்காலை ஒரகடத்தில் சரக்கை இறக்கிவிட்டது. அவர்கள் கேட்டில் ஏற்புச் சீட்டும் போட்டாகிவிட்டது. போன வண்டியைப் போகவில்லை என்று அரசுக்குச் சொல்ல நான் தயாரில்லை.

இன்னொன்றும் அவனுக்குச் சொன்னேன். ரத்து செய்திருந்தாலும் 412 என்ற எண் செத்ததுதான். அதே எண்ணில் மறுபடி ஐ.ஆர்.என். கிடைக்காது. புதிய பில் புதிய எண்ணில்தான் வரும்.

ஆக மிச்சமிருப்பது கிரெடிட் நோட். பில் அப்படியே நிற்கும். அதன் எண்ணைக் குறிப்பிட்டு, கூடுதலாகப் போட்ட 86,400-க்கும் அதன் வரி 15,552-க்கும் ஒரு கிரெடிட் நோட் போட்டு, அதற்கும் ஐ.ஆர்.என். வாங்க வேண்டும். விலை குறைவாகப் போயிருந்தால் டெபிட் நோட்.

நவம்பர் 12, புதன்

காலையில் கிரெடிட் நோட் தயார். மெயிலை நானே எழுதினேன். தலைப்பிலேயே "திருத்தம்: பில் 412, 10-11-2025, விலை தவறு" என்று வைத்தேன். திங்களன்று போன மெயிலுக்குப் பதிலாகவே அனுப்பினேன். தனியாக அனுப்பினால் பழையதைத் திறக்கிறவருக்கு இது கண்ணில் படாமல் போகும். முதல் வரியில் தவறான விலையும் சரியான விலையும் பக்கத்தில் பக்கத்தில். அடுத்த வரியில் செலுத்த வேண்டிய நிகரத் தொகை 3,87,984. அதற்கடுத்து அவர்கள் செய்ய வேண்டியது: 412-ஐத் தூக்கிப் போட வேண்டாம், `CN-037_for_INV-412.pdf` கோப்போடு சேர்த்துப் பதியவும். வருத்தம் ஒரே வாக்கியம். தம்பி எழுதிய வரைவில் மன்னிப்பு நான்கு வரி போய், தொகை ஐந்தாவது வரியில் இருந்தது. படிக்கிறவருக்கு முதலில் தேவை தொகைதான்.

அவன் வரைவில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது இணைப்பு. கணக்கு புரியட்டும் என்று எங்கள் விலைப்பட்டியல் எக்செலையும் சேர்த்திருந்தான். முதல் தாளில் இவர்கள் விலை மட்டும்தான் தெரியும். மறைத்து வைத்த தாள்களில் மற்ற எல்லா வாடிக்கையாளர்களின் விலையும் இருக்கிறது. வலது பொத்தானை அழுத்தி யாரும் வெளியே கொண்டுவரலாம். 2022 பிப்ரவரியில் பிரிட்டன் ராணுவத்தைச் சேர்ந்த ஒருவர் சுமார் 150 பேர் விவரம் என்று நினைத்து ஒரு எக்செல் கோப்பை வெளியே அனுப்பினார். அதில் அடைக்கலம் கேட்டிருந்த ஏறக்குறைய 18,700 ஆப்கானியர்களின் விவரம் இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி முகநூலில் தலைகாட்டிய பிறகுதான் அமைச்சகத்துக்கே தெரிந்தது. உயிருக்கு ஆபத்தான விஷயம் அது. எங்களுடையது வெறும் விலை. ஆனால் கோப்பு நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். பதற்றத்தில் அனுப்பும் திருத்தத்தில்தான் இரண்டாவது தவறு நுழையும் என்பது என் அனுபவம். எக்செலை எடுத்துவிட்டு, கணக்கை மெயிலிலேயே மூன்று வரியில் எழுதினேன். இணைத்த பி.டி.எஃப்.பை, அனுப்பும் முன் மெயிலுக்குள்ளிருந்தே திறந்து பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

பதில் வரவில்லை. மதியம் ஃபோன் செய்தேன். கொள்முதல் பிரிவில் பேசியவர், "மெயில் பார்த்தோம் மேடம்" என்றார். பார்த்தவர் பில்லைப் பதிகிறவர் இல்லை. திங்கள் இரவே அவர் 412-ஐத் தங்கள் கணக்குப் பிரிவுக்கும் வரி பார்க்கிறவருக்கும் தள்ளிவிட்டிருந்தார், திருத்தத்தைத் தள்ளவில்லை. பழைய பில் எந்தெந்தக் கைக்குப் போனது என்று கேட்டு, அந்த இருவரின் முகவரியையும் வாங்கி, அதே சங்கிலியில் சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

கணக்குப் பிரிவில் 412 ஏற்கெனவே முடங்கிக் கிடந்தது. அவர்களுடைய மென்பொருள் பி.ஓ., ஏற்புச் சீட்டு, பில் மூன்றையும் ஒப்பிடும். எண்ணிக்கை பொருந்தி விலை பொருந்தாததால் நிறுத்திவிட்டது. நான் கூப்பிடாவிட்டால் பணம் வர வேண்டிய நாளில்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வரி பார்க்கிறவரிடம்தான் அதிக நேரம் பேசினேன். ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் பில்களையும் கிரெடிட் நோட்டுகளையும் ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கிறது. என்னவென்று தெரியாமல் எங்கள் கிரெடிட் நோட்டை அவர் மறுத்தால், குறைந்த 15,552 ரூபாய் வரி மறுபடி எங்கள் தலையில் ஏறும். அவர் முழு பில்லுக்கும் உள்ளீட்டு வரி எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட்டை விட்டுவிட்டாலும் சிக்கல்தான். "ரெண்டும் ஒரே மாசத்து ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல வந்துடுமா?" என்று கேட்டார். இரண்டும் நவம்பர் தேதி என்பதால் டிசம்பர் 11-க்குள் சேர்ந்தே போகும் என்றேன். "அப்ப சரி, 037-ஐ ஏத்துக்கிறேன்னு மெயில்ல எழுதிடறேன்" என்றார். பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்கும் முன்பே அது வந்துவிட்டது.

டிசம்பர் 15, திங்கள்

412-ம் 037-ம் சேர்ந்தே ஏற்கப்பட்டுவிட்டன. பில் போடும் திரையில் விலையைக் கையால் அடிக்கும் கட்டத்தைப் பூட்டச் சொல்லி மென்பொருள்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி அது பி.ஓ.விலிருந்துதான் வரும். அவசர ஆர்டரில் பி.ஓ. வருவதற்கு முன்பே வண்டி கிளம்புகிறதே, அதற்கு என்ன செய்வது என்று தம்பி கேட்டான். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. நாளைக்கு ஸ்டோர்ஸ்காரரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.