வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி

"என்ன பிள்ளை, வீட்டுக்குள்ளயும் கூலிங் கிளாஸோ?" அம்மா கேட்டா. ஒற்றைத் தலைவலி வந்தால் எனக்கு ரியூப் லைற்றைப் பார்க்கவே ஏலாது. அந்தப் பயத்தில் தலையிடி இல்லாத நாளிலும் கறுப்புக் கண்ணாடியோடுதான் திரிந்தேன். கொஞ்ச நாளில் ஜன்னல் வெளிச்சமே குத்தத் தொடங்கியது. கண் இருட்டுக்குப் பழகினால் வெளிச்சம் இன்னும் கூசும் என்று பிறகுதான் விளங்கியது.

இதற்கென்று எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கண்ணாடி இருக்கிறது. எல்லா வெளிச்சத்தையும் மறைக்காமல், நீலத்தையும் நீலப்பச்சையையும்தான் அது கூடுதலாகக் குறைக்கும். 1991 இல் வெளியான ஆய்வொன்றில் ஒற்றைத் தலைவலியுள்ள 20 சிறுவர்களில் சிலருக்கு இதையும், மற்றவர்களுக்கு அதேயளவு இருண்ட நீலக் கண்ணாடியையும் கொடுத்தார்கள். முதல் மாதம் இரண்டு பகுதிக்குமே தலையிடி குறைந்தது. புதுக் கண்ணாடி தந்த நம்பிக்கையும் அதில் சேர்ந்திருக்கலாம். நான்காம் மாதத்தில் இளஞ்சிவப்புக்காரருக்கு மட்டும் அந்தக் குறைவு நிலைத்தது: மாதம் 6.2 தடவை வந்தது 1.6 ஆகியிருந்தது.

இருபது பேர் மிகக் கொஞ்சம். அதனால் நானும் தலையிடி வந்த நாட்களைக் கலண்டரில் குறிக்கிறேன். முதல் மாதம் குறைந்துதான் இருக்கிறது. அதை இன்னும் நம்பவில்லை. நாலாம் மாதம் பார்த்துத்தான் முடிவு.