பழைய சீட்டில் போட்ட ஊசி

பெங்களூரில் 'ஹோம் நர்ஸ்' என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். ஏஜென்சிகள் அனுப்பும் பெண்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் அல்லர். முதியவரைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றவர்கள், அவ்வளவுதான். என் கட்சிக்காரர் அப்படியல்ல. தமிழ்நாட்டில் ஜிஎன்எம் முடித்து, கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்திருந்தார். அல்சூர் பக்கம் சில வீடுகளுக்குத் தினமும் போய்ப் புண் கட்டுவார், சிறுநீர்க் குழாயைப் பார்ப்பார், டாக்டர் எழுதிய அளவில் இன்சுலின் போடுவார்.

அவர் மீது சாந்திநகரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு மனு வந்தது. சர்க்கரை நோயாளியான ஒரு பெரியவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நர்ஸ் டாக்டர் வேலை பார்த்ததால்தான் கால் போயிற்று என்பது மகனின் புகார்.

நான் முதலில் கேட்டது டிஸ்சார்ஜ் சீட்டை. உள்ளங்கால் புண்ணைத் தினமும் சலைன் விட்டுக் கழுவிக் கட்ட வேண்டும், மாத்திரை ஏழு நாள், ஐந்தாம் நாள் மறுபரிசோதனைக்கு வர வேண்டும் என்று அதில் இருந்தது. கணுக்கால் நாடி பலவீனம் என்றும் ஒரு குறிப்பு. இரண்டாவதாகக் கேட்டது அந்தப் பெண்ணின் நோட்டை. நாற்பது பக்க சாதாரண நோட்டு. பாதி தமிழ், பாதி ஆங்கில மருத்துவச் சொற்கள்.

முதல் நாள்: நீளம் 3 செ.மீ., அகலம் 2 செ.மீ., அடி சிவப்பு, நாற்றம் இல்லை. சிவந்த அடி நல்ல அறிகுறி, சதை வளர்கிறது என்று பொருள். ஆறாம் நாள்: அடி மஞ்சள், கசிவு அதிகம், துணி நனைந்துவிட்டது. 'மறுபரிசோதனைக்குப் போகவில்லை, மகனிடம் சொன்னேன்.' எட்டாம் நாள்: நாற்றம், சர்க்கரை 310, லேசான காய்ச்சல், விளிம்பைத் தாண்டி 3 செ.மீ. சிவப்பு. சிவப்பு நிற்கும் இடத்தைப் பேனாவால் தோலில் கோடு போட்டிருந்தார். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டினால் தொற்று பரவுகிறது என்று வீட்டாருக்கே கண்ணால் தெரியும். புண்ணைச் சுற்றி 2 செ.மீ.க்கு மேல் சிவந்தாலே அது லேசான தொற்று அல்ல என்றுதான் மருத்துவ வழிகாட்டிகள் கொள்கின்றன. இதை நர்ஸ் பார்த்தார், எழுதினார், 'இன்றே ஆஸ்பத்திரி' என்று சொன்னார். இது வரை அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

அதே பக்கத்தில் அடுத்த வரி: 'மகன் கேட்டதால் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்டேன்.' ஒன்பதாம் நாளும் அதே.

"ஏம்மா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை வரைக்கும் லீவு கிடைக்காது சிஸ்டர், அதுவரைக்கும் தாங்குற மாதிரி ஏதாவது போட்டுவிடுங்கன்னு சொன்னார் மேடம். போன வருஷத்துச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பி, மருந்தையும் அவரே வாங்கி வந்துட்டார். போடலைன்னா பெரியவர் சும்மா கிடப்பாரேன்னுதான்."

ஊசி குத்தத் தெரியாமல் அவர் தவறு செய்யவில்லை. டாக்டர் எழுதியிருந்தால் அதே மருந்தை அதே கையால் போடுவது அவர் வேலைதான். இங்கே எந்த நோய்க்கு எந்த மருந்து என்ற முடிவை டாக்டர் எடுக்கவில்லை. மகனும் நர்ஸும் சேர்ந்து எடுத்தார்கள். பழைய சீட்டு அதற்கு மறைப்பாகாது. மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டரே குறிப்பிடாத சீட்டுக்கு இரண்டாம் முறை மருந்து தரக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி சொல்கிறது. கடைக்காரரும் மீறியிருந்தார், ஆனால் அவரை யாரும் வழக்கில் சேர்க்கவில்லை. அன்றைக்கு நேர்வழி ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, நோயாளி பக்கத்தில் இருக்கும் நர்ஸ் காணொளியில் டாக்டரை அழைத்துப் புண்ணைக் காட்டி, அவர் அனுப்பும் சீட்டைப் பெற்றிருக்கலாம். அந்த டாக்டர் ஊசி எழுதியிருக்க மாட்டார், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

மனுதாரர் தரப்பு எதிர்பார்த்தபடியே 'பூனம் வர்மா' தீர்ப்பை எடுத்து வைத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஹோமியோபதி படித்தவர் ஒரு காய்ச்சல்காரருக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்தார். தகுதியில்லாத முறையில் வைத்தியம் பார்ப்பதே கவனக்குறைவு, தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று சொல்லி 3 லட்சம் ரூபாய் கொடுக்க வைத்தார்கள். கட்டு போட்டதற்கு டாக்டரின் உத்தரவு இருந்தது, ஆகவே அந்தத் தீர்ப்பு அதைத் தொடாது என்று வாதிட்டேன். இரண்டு ஊசிகளைப் பற்றி அப்படி வாதிட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் போலீஸிலும் ஒரு புகார். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, பதிவு பெறாதவர் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பெண் பயந்து வேலையையே விட்டுவிடுவதாக அழுதார். அதே சட்டத்தின் 54ஆவது பிரிவைக் காட்டினேன். மருத்துவ ஆணையமோ மாநில மருத்துவக் கவுன்சிலோ அதிகாரம் கொடுத்த அலுவலர் எழுத்தில் புகார் தந்தால் ஒழிய எந்த நீதிமன்றமும் அந்தக் குற்றத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி யாரும் தரவில்லை, அந்தப் புகார் அதோடு நின்றது.

நோட்டை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. தாக்கல் செய்தால் ஊசி வரியும் போகும். ஒரு நண்பர், எட்டாம் நாள் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்க்கலாமே என்றார். அந்த யோசனைக்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை. முழு நோட்டையும் மொழிபெயர்த்து ஆவணமாகக் கொடுத்தோம். தனக்கு எதிரான வரியைத் தானே எழுதி வைத்திருப்பவர் ஆறாம் நாளின் எச்சரிக்கையைப் பின்னால் ஜோடித்திருக்க மாட்டார் என்று ஆணையம் நம்பியதற்கு அந்த வரியே காரணம் என்று நினைக்கிறேன்.

அறுவை மருத்துவர் ஒருவர் நிபுணராகச் சாட்சிய வாக்குமூலம் தந்தார். எழுத்து வினாக்களாக அனுப்பியவற்றுக்கு அவர் பதில் தெளிவாக இருந்தது. உள்ளே சீழ் கட்டிய பாதத்தைத் திறந்துவிடாமல் ஊசி மட்டும் போட்டுப் பயனில்லை. ஊசியால் காய்ச்சல் சற்றுத் தணிந்து, வீட்டார் 'பரவாயில்லை' என்று எண்ண வாய்ப்புண்டு. எட்டாம் நாளே கொண்டு வந்திருந்தால் கால் தப்பியிருக்குமா? இரத்த ஓட்டம் முன்பே குறைந்திருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முதல் ஊசியில் ஒவ்வாமை வந்திருந்தால் அந்த வீட்டில் அட்ரினலின் இருந்ததா என்று ஆணையத் தலைவர் எங்களைக் கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

பத்தாம் நாள் காலையில் பெருவிரல் நுனி கறுத்திருந்தது. கறுத்த சதையைக் கத்தரித்துவிடும்படி மகன் கேட்டபோது நர்ஸ் மறுத்து, தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதுவும் நோட்டில் இருந்தது.

தீர்ப்பில் காலை இழந்ததற்கு நர்ஸ் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது. கட்டு போட்டதில் குறையில்லை. டாக்டர் உத்தரவு இல்லாமல் இரு முறை ஊசி போட்டது சேவைக் குறைபாடு. அதற்காக 20,000 ரூபாயும் ஊசிக்கு வாங்கிய கட்டணமும் கொடுக்க வேண்டும். மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் இருந்தது. இரு தரப்பும் போகவில்லை.