பதினாறு ரக்பி வீரர்களும் ஒரு புரளியும்

ஜிம்மில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் அக்கா மகனிடம் கிரியேட்டின் பவுடர் வாங்கச் சொல்லிவிட்டார் பயிற்சியாளர். கூட எடை தூக்கும் பையன்கள் அவனைப் பயமுறுத்திவிட்டார்கள். "ஆம்பள ஹார்மோன் கண்டபடி ஏறிடுமாம், முடி கொட்டிடுமாம். நெசமா மாமா?" என்றான். இந்தப் பேச்சு எங்கே கிளம்பியது என்று பின்னோக்கித் தேடிப் போனேன். இரண்டு இடங்கள் தட்டுப்பட்டன.

முதலாவது அமெரிக்க பேஸ்பால். 1998-இல் மார்க் மெக்வயர் சாதனை நோக்கிப் பந்தை விளாசிக்கொண்டிருந்தபோது, அவருடைய அலமாரியில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் புட்டி இருந்ததை ஒரு செய்தியாளர் பார்த்துவிட்டார். அது உடலுக்குள் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய பொருள். அவர் கிரியேட்டினும் எடுத்துக்கொண்டிருந்தார். செய்திகளில் இரண்டும் அடுத்தடுத்து அடிபட, இரண்டும் ஒரே ரகம் என்ற எண்ணத்துக்கு அது வசதியாகிவிட்டது. உண்மையில் உறவே கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலிலிருந்து உருவாவது. கிரியேட்டினோ மூன்று அமினோ அமிலங்களிலிருந்து நம் உடலே தயாரித்துக்கொள்வது. மீனிலும் இறைச்சியிலும் இருப்பது. தசையில் சேர்ந்து, சட்டென்று பலம் தேவைப்படும் நொடிகளுக்கு ஆற்றல் தருவதுதான் அதன் வேலை.

முடி கொட்டும் என்ற பேச்சு இதைவிடப் புதியது. அதன் வேர் 2009-இல் வெளியான ஒரேயொரு ஆய்வு. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தார் கல்லூரி வயது ரக்பி வீரர்களுக்கு முதல் ஏழு நாள் தினம் 25 கிராம், அடுத்த பதினான்கு நாள் தினம் 5 கிராம் கிரியேட்டின் கொடுத்தார்கள். ஆறு வார இடைவெளியுடன், அதே ஆட்களுக்கே வெறும் குளுக்கோஸ் கொடுத்தும் பார்த்தார்கள். கடைசிவரை நின்றவர்கள் பதினாறு பேர். டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை. ஆனால் அதிலிருந்து பிறக்கும் டிஎச்டி என்ற ஹார்மோன் முதல் வாரத்திலேயே 56 சதவீதம் ஏறியிருந்தது.

வழுக்கைக்கு வாகான பரம்பரை உள்ளவர்களின் முடிவேரைச் சுருக்குவது இந்த டிஎச்டிதான். கிரியேட்டின் டிஎச்டியை ஏற்றும், டிஎச்டி முடியை உதிர்க்கும், ஆகவே கிரியேட்டின் முடியை உதிர்க்கும் என்று கணக்கு முடிந்துவிட்டது. அந்த ஆய்வில் யார் தலைமுடியையும் யாரும் பரிசோதிக்கவே இல்லை.

அந்த 56 சதவீதம் எப்படி வந்தது என்று எண்களைப் பார்த்தேன். கிரியேட்டின் சுற்று தொடங்கும் முன் டிஎச்டியின் சராசரி லிட்டருக்கு 0.98 நானோமோல், ஏழாம் நாள் 1.53. குளுக்கோஸ் சுற்று தொடங்கும் முன் அதே வீரர்களுக்கு 1.26; ஏழாம் நாள் அது 1.09 ஆக இறங்கியிருந்தது. எந்தப் பவுடரும் தொடாத நிலையிலேயே அவர்களின் அளவு 0.98-க்கும் 1.26-க்கும் இடையே ஆடியிருக்கிறது. கிரியேட்டின் சுற்று தாழ்ந்த இடத்திலிருந்து கிளம்பியதால் ஏற்றம் பெரிதாகத் தெரிந்தது. அதே 1.53-ஐ 1.26-உடன் ஒப்பிட்டால் ஏற்றம் 21 சதவீதம்தான். அதற்காக ஏற்றமே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆண்களுக்கு இயல்பென்று கருதப்படும் அளவு ஏறத்தாழ 0.4 முதல் 3.3 வரை, உச்சத்தில் இருந்தபோதும் அவர்கள் அதன் நடுப்பகுதியைத் தாண்டவில்லை.

மற்ற ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2021-இல் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரை, டெஸ்டோஸ்டிரோனை அளந்த வேறு பன்னிரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பத்தில் மாற்றமே இல்லை. இரண்டில் மட்டும் இயல்பு வரம்புக்குள் சிறிய ஏற்றம். கடும் எடைப்பயிற்சிக்குப் பின் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் எழுந்து அடங்கும் விதத்தைக்கூட, சில நாள் கிரியேட்டின் மாற்றவில்லை என்று பெல்ஜிய ஆய்வொன்று 2001-லேயே காட்டியிருந்தது.

முடியை நேராகச் சோதித்த ஆய்வு 2025-இல்தான் வந்தது. ஈரானில், எடைப்பயிற்சி செய்யும் ஆண்கள் 38 பேர் பன்னிரண்டு வாரம் தினம் 5 கிராம் கிரியேட்டினோ போலிப் பவுடரோ எடுத்து முடித்தார்கள். ரத்தத்தில் ஹார்மோன்களை அளந்ததோடு, முடியின் அடர்த்தியையும் வேர்களின் நிலையையும் படமெடுத்துப் பார்த்தார்கள். டிஎச்டியிலும் சரி, முடியிலும் சரி, இரு அணிக்கும் வித்தியாசம் இல்லை.

வழுக்கை ஆண்டுக்கணக்கில் நடப்பது. பன்னிரண்டு வாரம் அதற்குக் குறுகிய காலம்தான். அதனால் அக்கா மகனிடம் இரண்டு பதில்களைத் தனித்தனியாகச் சொன்னேன். ஹார்மோன் பற்றிய பயத்துக்கு ஆதாரம் இல்லை. முடி பற்றிய பயத்துக்கு, மூன்று மாதம் வரை பார்த்ததில் ஆதாரம் கிடைக்கவில்லை. அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் முப்பதிலேயே முன்நெற்றி ஏறியது. பவுடர் தின்றாலும் தின்னாவிட்டாலும் அவன் கணக்கில் எடுக்கவேண்டியது அதைத்தான்.